கூலி உயர்ந்தால் உழைப்பு குறையுமா? லாலாகுடா பட்டறையும் 1930ஆம் ஆண்டின் ஒரு வாதமும்

செகந்திராபாத்தின் மெட்டுகுடா ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகளால் அடையாளம் பெற்ற பகுதி. அதை அடுத்துள்ள லாலாகுடாவில் நிஜாம் ரயில்வேயின் பட்டறை 1893இல் தொடங்கப்பட்டது. பட்டறைத் தொழிலாளி எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. பட்டறையின் சங்கு தீர்மானிக்கிறது. உழைப்பு நேரத்தைப் பற்றிய ஒரு பழைய பொருளாதார வாதத்தை எடைபோட, எளிதில் மறக்கப்படும் இந்த உண்மையிலிருந்து தொடங்குவதே முறை.

இந்தியத் தொழிலாளியின் தேவைகள் குறைவு. கூலியை உயர்த்தினால் அவன் அதே வருமானத்தைக் குறைந்த நாட்களில் ஈட்டிவிட்டு, எஞ்சிய நாட்களில் வேலைக்கு வராமல் நின்றுவிடுவான் என்பதே அந்த வாதம். ஆலை, சுரங்க, தோட்ட முதலாளிகள் காலனிய ஆட்சிக்காலம் முழுவதும் இதைச் சொல்லிவந்தனர். கூலியை உயர்த்தாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான காரணம் வேறில்லை. பொருளியல் இதற்கு வைத்த பெயர் பின்னோக்கி வளையும் உழைப்பு அளிப்பு வளைகோடு. கூலி ஏற ஏற உழைப்பு நேரமும் முதலில் ஏறும்; ஓர் எல்லைக்குப் பின் வளைகோடு திரும்பி, நேரம் குறையத் தொடங்கும்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். விரும்பிய நேரம் உழைக்கும் உரிமையுள்ள ஒருவன், மணிக்கு 2 அணா வீதம் 10 மணி நேரம் உழைத்து 20 அணா பெறுகிறான். கூலி மணிக்கு 3 அணாவாக உயர்கிறது. ஆனால் வீட்டு வாடகை என்று நாளொன்றுக்கு 10 அணா பிடித்துக்கொள்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். பழையபடி 10 மணி நேரம் உழைத்தால் கைக்கு வருவது அதே 20 அணாதான். அவன் வளம் கூடவில்லை. ஆயினும் ஒரு மணி நேர ஓய்வின் விலை 2 அணாவிலிருந்து 3 அணாவாகிவிட்டது. ஆகவே ஓய்வைச் சற்றுக் குறைத்து 11 மணி நேரம் உழைக்கிறான். கையில் 23 அணா நிற்கிறது. இது பதிலீட்டு விளைவு. இப்போது அந்த வாடகைப் பிடித்தம் நீக்கப்படுகிறது. மணிக்கூலி மாறவில்லை; அவன் வளம் மட்டும் கூடியது. வளம் கூடியவன் ஓய்வையும் கூடுதலாக நாடுவான். உழைப்பு 9 மணி நேரமாகக் குறைகிறது. இது வருமான விளைவு. பதிலீட்டு விளைவு ஒரு மணி நேரத்தைக் கூட்டியது. வருமான விளைவு இரண்டு மணி நேரத்தைக் குறைத்தது. நிகரமாக உழைப்பு ஒரு மணி நேரம் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவன் இப்போது 27 அணா ஈட்டுகிறான்; முன்பைவிட 7 அணா அதிகம். முதலாளிகள் வர்ணித்த மனிதனோ 20 அணா கிடைத்ததும், அதாவது 6 மணி 40 நிமிடத்தில், கருவியைக் கீழே வைத்துவிடுவான். வளைகோடு பின்னோக்கி வளைவதற்கு அப்படியொரு மனிதன் தேவையில்லை. தேவைகள் பெருகிக்கொண்டே இருப்பவனும், பெருகும் வளத்தில் ஒரு பகுதியை ஓய்வாகப் பெற விரும்பலாம். உழைப்பு குறைந்தது என்பதை வைத்துத் தேவைகள் குறைவு என்று முடிவுகட்டுவது பிழை.

1930ஆம் ஆண்டு இந்த விவாதத்தில் தனித்துவமானது. அவ்வாண்டு லயனல் ராபின்ஸ் எக்கனாமிக்கா இதழில் எழுதிய கட்டுரை, கூலி மாறும்போது உழைப்பு கூடுமா குறையுமா என்பதை வெறும் தர்க்கத்தால் சொல்ல முடியாது என்று நிறுவியது. அவ்வாண்டே கெயின்ஸ், நூறாண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளைகள் வாரத்திற்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று எதிர்பார்த்துக் கட்டுரை வெளியிட்டார். அதே காலத்தில் விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரித்துக்கொண்டிருந்தது. வளம் பெருகியபின் ஐரோப்பியன் உழைப்பைக் குறைத்துக்கொண்டால் அது நாகரிகத்தின் முன்னேற்றம். இந்தியன் குறைத்துக்கொண்டால் அது சோம்பல். வளைகோடு ஒன்றே, பெயர்கள் இரண்டு. சட்டத்திலும் இந்த இரட்டை அளவுகோல் பதிந்திருந்தது. 1919ஆம் ஆண்டின் சர்வதேச வேலைநேர உடன்படிக்கை பொதுவில் வாரத்திற்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவிற்குத் தனி விதியில் 60 மணி நேரம் என்றது. அங்குள்ள ரயில்வேக்களுக்கு அந்த 60 மணி நேர வரம்பும் 1930ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது.

அப்படியானால் முதலாளிகள் கண்ட வருகைக் குறைவு பொய்யா? பொய்யன்று, அதன் காரணம் வேறாக இருக்கலாம். அறுவடைக்கும் நடவுக்கும் ஊர் திரும்புதல், நோய், திருமணம் ஆகியவை கூலி உயராத ஆண்டுகளிலும் வருகையைக் குறைத்தன. இன்னொரு காரணம் கடன். பெரும்பாலான தொழில் மையங்களில் தொழிலாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையாதவை கடன்பட்டிருந்தன என்று ராயல் கமிஷன் 1931ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. கூடுதலாக ஈட்டும் ஒவ்வோர் அணாவும் சம்பள நாளன்று வாசலில் நிற்கும் கடன்காரனுக்கே போகுமானால், தொழிலாளியைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் மணி நேரத்தின் கூலி உயரவே இல்லை. பதிலீட்டு விளைவு பிறக்கும் முன்பே அழிந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தேவைகளற்ற மனிதனின் தோற்றத்தைத் தரும்.

இரண்டையும் பிரித்தறியும் வழி பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்திற்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய வேலைக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்று விதித்தது. இந்த ஓவர்டைம் கூலி, பொதுவான கூலி உயர்விலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. எல்லா மணி நேரத்திற்கும் கூலி உயர்ந்தால், ஏற்கெனவே உழைத்துவந்த நேரத்திற்கும் சேர்த்துப் பணம் கூடும். வருமான விளைவு பெரிதாக இருக்கும். ஓவர்டைமில் 49ஆம் மணி நேரத்திற்கு மட்டுமே விலை ஏறுகிறது. முதல் 48 மணி நேரத்தின் வருமானம் மாறுவதில்லை. ஆகவே அங்கே முன்னிற்பது பதிலீட்டு விளைவு. தேவைகள் நிறைந்துவிட்ட மனிதனை இரட்டைக் கூலியும் அசைக்காது. ஓவர்டைமைக் கேட்டுப் பெறுபவன் அந்த வர்ணனைக்குள் அடங்குவதில்லை.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அடிப்படைச் சம்பளம் குடும்பத்திற்குப் போதாத இடத்தில் ஓவர்டைம் விருப்பமாக இராது, கட்டாயமாகிவிடும். அங்கே அடிப்படைச் சம்பளம் உயர்ந்தபின் ஓவர்டைம் குறைந்தால், வருமான விளைவைக் கண்முன் காண்கிறோம் என்று பொருள். அதற்குச் சோம்பல் என்று பெயரிடுமுன், அந்த மனிதனின் மாத வருமானம் கூடியதா குறைந்ததா என்ற ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். கூடியிருந்தால், அவன் தேவைகள் குறைந்தவன் அல்லன். ஓய்வும் ஒரு தேவை என்று அறிந்தவன்.