இரட்டை உருக் காட்டும் படிகம்

ஐஸ்லாந்துத் தீவின் கிழக்குக் கரையில் ஹெல்குஸ்தாதிர் என்னும் இடம் உண்டு. அங்குள்ள மலைச்சரிவில் கண்ணாடி போன்று தெளிந்த சுண்ணகப் படிகங்கள் கிடைத்தன. சாய்ந்த செங்கற்களைப் போன்ற வடிவின. தட்டினால் அவ்வடிவிலேயே பிளப்பவை. கோபன்ஹேகன் பேராசிரியர் எராஸ்மஸ் பார்த்தொலின் என்பார் அத்தகைய படிகமொன்றை ஏட்டின்மீது வைத்துப் பார்த்தபோது, ஓர் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. இதனை அவர் 1669ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

அவர் செய்த சோதனையை நாமும் எளிதிற் செய்யலாம். தாளில் ஒரு புள்ளியிட்டு, அதன்மேல் படிகத்தை வைத்து, நேர்மேலிருந்து நோக்கியவாறே மெல்லச் சுழற்றுவோம். இரண்டு புள்ளிகளுள் ஒன்று அசையாது நிற்கும். மற்றொன்று அதனை வலம்வரும். அசையாப் புள்ளியைத் தரும் கதிர் நீரிலும் கண்ணாடியிலும் காணும் விதிக்கு அடங்கியது. அதனைச் சாதாரணக் கதிர் என்பர். மற்றது, முகத்தில் செங்குத்தாக விழுந்த போதிலும் ஏறக்குறைய 6 பாகை விலகிச் செல்கிறது. அது அசாதாரணக் கதிர். படிகம் 1 சென்டிமீட்டர் தடித்ததாயின் இரு புள்ளிகளுக்குமிடையே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த இடைவெளி காணும். படிகத்தில் ஒரு திசை மட்டும் விதிவிலக்கு: அச்சுத்திசை எனப்படும் அதன் வழியே செல்லும் ஒளி பிரிவதில்லை.

ஏன் இவ்விரட்டிப்பு? டச்சு அறிஞர் ஹைகென்ஸ் 1690இல் வெளியிட்ட ஒளிநூலில் விடை கூறினார். ஒளி அலையாகப் பரவுகிறது. படிகத்தினுள் ஒரே இடத்திலிருந்து இரண்டு அலைகள் எழுகின்றன. ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே வேகத்துடன் உருண்டையாக விரிகிறது. மற்றொன்றின் வேகம் திசைக்குத் திசை மாறுவதால், அது அமுங்கிய உருண்டை வடிவில் விரிகிறது. இன்றைய அளவுகளில் சொன்னால், வெற்றிடத்தில் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளி, இப்படிகத்தினுள் சாதாரணக் கதிராக ஏறக்குறைய 1,81,000 கிலோமீட்டரே செல்கிறது. அசாதாரணக் கதிரோ, அச்சுக்குச் செங்குத்தான திசையில், 2,02,000 கிலோமீட்டர் வரை செல்கிறது. அசாதாரணமானதே விரைந்தது என்பது புதிதாகக் கேட்போர்க்கு வியப்பாக இருக்கும்.

ஆயினும் ஹைகென்சை ஒரு சோதனை மடக்கியது. முதற் படிகத்தில் பிரிந்த இரு கதிர்களையும் அதே நிலையில் வைத்த இரண்டாம் படிகத்தினூடே செலுத்தினார். ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரியும் என்றன்றோ எதிர்பார்ப்போம்? பிரியவில்லை. இரண்டாம் படிகத்தைச் சற்றுத் திருப்பினால் நான்கு கதிர்கள் தோன்றின; கால்வட்டம் திருப்பினால் மீண்டும் இரண்டே எஞ்சின, ஆனால் முன்பு சாதாரணமாயிருந்தது இப்போது அசாதாரணமாயிற்று. படிகத்தைக் கடந்த ஒளி ஏதோ ஒரு மாறுதலைத் தன்னுடன் கொண்டு செல்கிறதென்பது தெளிவு. அது யாதென்று தமக்கு விளங்கவில்லை என ஹைகென்ஸ் மறைக்காமல் எழுதிவைத்தார். அறிவியல் நூல்களில் இத்தகைய வரிகள் அரியவை. நியூட்டன், ஒளிக்கதிருக்குப் பக்கங்கள் உண்டு என்று கூறினார். எனினும் அசாதாரணக் கதிருக்கு அவர் வகுத்த விதி பிழையாயிற்று.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1808இல், பாரிஸ் நகரில் மாலுஸ் என்னும் பொறியாளர் தம் இல்லத்திலிருந்து எதிரேயுள்ள லக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களை அப்படிகத்தின் வழியே நோக்கினார். மாலைக் கதிரவனின் ஒளி அக்கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. படிகத்தைச் சுழற்றியபோது இரு உருக்களில் ஒன்று மங்கியது. பின்னர் மற்றது மங்கியது. ஹைகென்சைத் திகைக்கவைத்த அம்மாறுதல் படிகத்திற்கு மட்டுமே உரியதன்று, கண்ணாடியிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் உண்டு என்று இதனால் தெரிந்தது. மாலுஸ் ஒளியைத் துகளென நம்பியவர். தம் கண்டுபிடிப்பு அலைக்கொள்கைக்கே வலுவூட்டும் என்பதை அறியுமுன் 1812இல் மறைந்தார்.

முடிச்சை அவிழ்த்தவர் பிரெனெல். காற்றில் ஒலி பரவுவது போல் ஒளியும் முன்னும் பின்னும் அதிர்வதாகவே அதுவரை எண்ணினர். கயிற்றை உதறினால் எழும் அலைபோல், ஒளி தான் செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது என்று 1821இல் அவர் கூறினார். இவ்வாறாயின் படிகத்தின் இரு கதிர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அதிர்வன. அதே நிலையிலுள்ள இரண்டாம் படிகத்துள் ஒரே திசையில் அதிரும் கதிர் நுழைந்தால் பிரிவதற்கு என்ன இருக்கிறது? படிகம் சற்றுத் திரும்பியிருந்தால் மட்டுமே அவ்வதிர்வு இரு கூறாகப் பங்கிடப்படும்.

இனி எஞ்சியது, ஒரு திசை அதிர்வு ஏன் தாமதமாகச் செல்கிறது என்பதே. இப்படிகத்தில் ஒரு கரியணுவும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த தட்டையான கூட்டங்கள், அச்சுக்குச் செங்குத்தாக, அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அத்தட்டையின் தளத்தில் அதிரும் ஒளிக்கு அணுக்கள் மிகுதியாக இணங்கி அதிர்கின்றன. எனவே அவ்வொளி மெதுவாகச் செல்கிறது. சாதாரணக் கதிர் இவ்வகையினது. இவ்வணு அமைப்பிலிருந்தே இரு விலகல் எண்களையும் லாரென்ஸ் பிராக் 1924இல் கணக்கிட்டார். அவை அளந்தறிந்த மதிப்புக்களுடன் பெரிதும் ஒத்திருந்தன.