சிறுபுள்ளியும் தூய கரைப்பானும்: தாளில் கறுப்பு மை பிரிந்த வரலாறு

வடிதாள் பட்டையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பட்டையின் அடிநுனி மட்டும் நீரில் படும்படி தொங்கவிட்டால், சற்று நேரத்தில் கறுப்பு மறைந்து நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பட்டைகள் தோன்றும். இதற்கு வேண்டியவை தாள், சாயமை, நீர் மூன்றே. 1856இல் வேதியியலர் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபின் இவற்றில் எதற்கும் ஐரோப்பாவில் பஞ்சமில்லை. ஆனாலும் தாள் வண்ணப்பிரிகை ஒழுங்கான முறையாக உருப்பெற 1944 ஆயிற்று. தாமதத்தின் காரணம் பொருள்களில் இல்லை, செய்முறையில் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாளில் நிறங்களைப் பரவவிட்ட முன்னோடியாகப் பெரும்பாலும் சுட்டப்படுபவர், பெர்லினுக்கு அருகே ஓரானியன்பர்க்கில் பணியாற்றிய வேதியியலர் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே. 1850களில் அவர் வெளியிட்ட நூல்களில், உறிஞ்சும் தாளில் உப்புக் கரைசல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் துளிவிட்டுப் பெற்ற வளையப் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. பார்வைக்கு அவை வண்ணப்பிரிகைப் படங்களைப் போலவே இருக்கும். ஆனால் அந்த நிறங்களில் பல தாளின்மேல் நடந்த வேதிவினையால் புதிதாக உண்டானவை. ஒரு கலவையில் ஏற்கெனவே ஒளிந்திருந்து பிரிந்து வந்தவை அல்ல. ருங்கேயும் அவற்றைப் பிரிப்பு முறையாகக் கருதவில்லை. பொருளுக்குள் உருவமெடுக்கத் தூண்டும் ஓர் உந்துதல் இருப்பதாகவே அவர் விளக்கினார். அவரைத் தாள் வண்ணப்பிரிகையின் தந்தை என்பது மிகைக்கூற்று.

பிரிப்பை நோக்கிய முதல் அடி 1861இல் பாசெல் நகரில் எடுத்துவைக்கப்பட்டது. கரைசலில் தாள்பட்டையின் நுனியை நனைத்தால் நீர் முன்னே ஏறுகிறது, கரைந்த பொருள் பின்தங்குகிறது, பொருளுக்குப் பொருள் அது ஏறும் உயரம் வேறுபடுகிறது என்று வேதியியலர் ஷோன்பைன் கண்டார். அவருடைய மாணவர் கோப்பெல்ஸ்ரோடர் இதை ‘நுண்குழாய்ப் பகுப்பாய்வு’ என்ற பெயரில் பல பத்தாண்டுகள் வளர்த்தார். சாயங்கள் முதல் உணவுப்பொருள்கள் வரை எத்தனையோ கரைசல்களில் தாள்பட்டைகளைத் தொங்கவிட்டார்.

அவ்வளவு உழைப்பும் முழுப்பிரிப்பைத் தராததற்குக் காரணம், பட்டை நின்றது கலவைக்குள்ளேயே என்பதுதான். நீலமும் மஞ்சளும் கலந்த கரைசலை எடுத்துக்கொள்வோம். வேகமாக ஏறும் நீலம் உச்சியில் சிறிது தூரம் தனித்துத் தெரியும். அதற்குக் கீழே மஞ்சள் வந்துசேரும் இடத்திலோ, அடியிலிருந்து புதிய நீலமும் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும். எனவே அப்பகுதி பச்சையாகவே இருக்கும். எத்தனை மணி நேரம் காத்தாலும் மஞ்சள் தனியே கிடைக்காது. முந்தி ஓடுவது மட்டுமே தூய்மையாக வரும். பிந்தி வருவது எப்போதும் கலப்போடுதான் வரும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ரஷ்யத் தாவரவியலர் மிகயில் ஸ்வெத். அவர் பயன்படுத்தியது தாள் அன்று, சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய். இலையின் நிறமிக் கரைசலைச் சிறிதளவு மட்டும் மேலே ஊற்றி, அதன்பின் தூய கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருந்தார். புதிய நிறமி வந்துசேராததால் பச்சையும் மஞ்சளும் ஒன்றிலிருந்து ஒன்று விலகித் தனித்தனி வளையங்களாயின. 1906இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளில்தான் இம்முறைக்கு வண்ணப்பிரிகை என்ற பெயர் சூட்டப்பட்டது. பாசெல் பட்டையில் இல்லாமல் போனது இந்த ஒரு மாற்றம்தான்: அளவான கலவை, அதைத் தொடரும் தூய கரைப்பான்.

தாளுக்கு இது வந்துசேர்ந்தது கம்பளி ஆய்வின் வழியாக. லீட்ஸ் நகரின் கம்பளித் தொழில் ஆய்வு நிறுவனத்தில் மார்ட்டினும் சிஞ்சும், புரதத்திலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைப் பிரிக்க 1941இல் ஈரமூட்டிய சிலிக்கா கூழைப் பயன்படுத்தினர். கூழ் பிடித்துவைத்த நீருக்கும் அதைக் கடந்தோடும் கரைப்பானுக்கும் இடையே ஒவ்வொரு பொருளும் தன் கரைதிறனுக்கு ஏற்பப் பங்கிடப்படும் என்பது அவர்கள் கருத்து. 1944இல் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் கூழை விட்டுவிட்டு வடிதாளை எடுத்தனர். தாளின் செல்லுலோஸ் இழைகளும் நீரைப் பிடித்துவைப்பவையே. அமினோ அமிலத்துக்கு நிறமில்லாததால், தாளை உலர்த்தி நின்ஹைட்ரின் தெளித்துப் புள்ளிகளைக் கண்டனர். அந்தத் தொல்லை சாயத்துக்கு இல்லை. கரைப்பானை மேலிருந்து கீழே இறக்கிய அவர்களின் அமைப்பை 1948இல் வில்லியம்ஸும் கிர்பியும் கீழிருந்து மேலேறும்படி எளிமையாக்கினர். பள்ளிகளில் இன்று செய்வது இந்த வடிவம்தான்.

இந்த வரலாற்றுப் பாடங்களை எளிய சோதனையிலும் சரிபார்க்கலாம். 15 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள வடிதாளில், அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் கோடிட வேண்டும். பேனாவால் இட்டால் அந்தக் கோடும் கரைந்தேறும். கோட்டின்மேல் 3 மி.மீ.க்கு மிகாத மைப்புள்ளி வைத்து, உலர்ந்தபின் அதே இடத்தில் மறுபடி தொட்டுவைக்கலாம். ஜாடியில் நீர் 1 செ.மீ. உயரம் போதும். புள்ளி நீருக்குள் மூழ்கினால் மை ஜாடி நீரிலேயே கரைந்துவிடும். அப்போது ஸ்வெத்தை விட்டுக் கோப்பெல்ஸ்ரோடரிடம் திரும்பிவிடுகிறோம். புள்ளி பெரிதானாலோ மை மிகுந்தாலோ பட்டைக்குப் பதில் வால்நீண்ட கறை வரும்.

கரைப்பான் முனை கோட்டிலிருந்து 80 மி.மீ. ஏறியதும் தாளை எடுத்து, ஈரம் காயும்முன் முனையைக் குறிக்க வேண்டும். நீலம் 68, மஞ்சள் 56, இளஞ்சிவப்பு 44 மி.மீ. ஏறியிருந்தன என்று கொள்வோம். இவற்றை 80ஆல் வகுத்தால் 0.85, 0.70, 0.55. தாளும் கரைப்பானும் மாறாதவரை இவ்விகிதம் அந்தச் சாயத்தின் அடையாளம். நீரில் நன்கு கரையும் சிறு மூலக்கூறுகள் முந்துகின்றன. செல்லுலோஸோடு ஒட்டிப் படுக்கும் நீண்ட, தட்டையான மூலக்கூறுகள் பின்தங்குகின்றன. எல்லா நிறமும் முனையிலேயே குவிந்தால் கரைப்பான் மிக வலியது என்று பொருள். நீரில் ஆல்கஹால் கலந்து பார்க்க வேண்டும்.

பச்சைப் பட்டை ஒன்று தெரிந்தால் அது ஒரே சாயமா, பிரியாத நீலமும் மஞ்சளுமா? இதற்கும் 1944 கட்டுரையில் வழி உண்டு. சதுரத் தாளின் ஒரு மூலையில் புள்ளி வைத்து ஒரு கரைப்பானில் ஏற்றி, உலர்த்தி, தாளைக் கால்வட்டம் திருப்பி வேறொரு கரைப்பானில் ஏற்றினால், முதல் ஓட்டத்தில் ஒட்டியிருந்தவை பெரும்பாலும் இரண்டாவதில் விலகும்.

ஐயத்துக்குரிய ஆவணங்களை ஆராய்வோர் இம்முறையை விரைவில் கைக்கொண்டனர். 1952இல் சோமர்ஃபோர்டும் சவுடரும் ஊற்றுப்பேனா மைகளைத் தாளில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. பின்னர் தாளின் இடத்தைச் சிலிக்கா பூசிய தகடு பிடித்தது, அடிப்படை மாறவில்லை. இரு மைகளின் பட்டைகள் வேறுபட்டால் அவை வேறு மைகள் என்று துணிந்து சொல்லலாம், வெயிலில் சாயம் வெளுத்திராத பட்சத்தில். பட்டைகள் ஒத்திருந்தாலோ ஒரே பேனா என்று சொல்ல முடியாது. ஒரே கலவை ஆயிரக்கணக்கான பேனாக்களில் நிரப்பப்பட்டிருக்கலாம்.

எல்லாக் கறுப்பும் பிரிவதும் இல்லை. ஓலைச்சுவடியில் எழுத்தைத் துலக்கப் பூசிய கரி, இந்தியன் இங்க், நிறமி கலந்த ஜெல் பேனா மை ஆகியவற்றில் நிறம் தருவது கரையாத துகள். இரும்பும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பொருளும் சேர்ந்த பழைய மையும் தாளில் காய்ந்தபின் நீரில் கரையாது. இவற்றில் கரைப்பான் மட்டும் மேலேறும், புள்ளி பென்சில் கோட்டிலேயே கிடக்கும். அது சோதனையின் தோல்வி அன்று: அந்த மையின் கறுப்பு கரையும் சாயங்களின் கலவை அல்ல என்பதற்கான சான்று.