புதிய மடிகணினியின் என்பியூ: முதுகுக்குப் பின்னால் இருப்பதை மறைப்பது யார்?

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கமராவில் பேசும்போது பின்னால் இருக்கும் வீட்டை மங்கலாக்கிக்கொள்கிறோம். புதிய மடிகணினிகளை விற்பவர்கள், இதற்கு என்பியூ என்ற தனிச் செயலி வேண்டும் என்கிறார்கள். அது இல்லாத என் பழைய கணினியும் பின்புறத்தை மங்கலாக்குகிறது. சூடேறி, விசிறி இரைந்து, பற்றரி விரைவாகக் குறைகிறது, அவ்வளவுதான்.

கமரா வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலும் எந்தப் புள்ளி ஆள், எந்தப் புள்ளி சுவர் என்று கணினி பிரித்தறிந்து, சுவரை மட்டும் மங்கலாக்கி, இரண்டையும் ஒட்டவேண்டும். ஒரு மணிநேர அழைப்பில் இது 108,000 தடவை நடக்கிறது. பிரித்தறியும் வேலை பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலும்தான். பிரதான செயலியாலும் அதைச் செய்யமுடியும். ஆனால் என்பியூ அந்தக் கணக்குகளுக்கென்றே அமைக்கப்பட்டதால், குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடுகிறது. தலைமயிர் ஓரம் பிசிறுவதோ, இணையம் அறுந்து படம் உறைவதோ அதனால் சரியாகாது.

என்பியூ இருந்தாலும், மென்பொருள் அதை அழைத்தால்தான் வேலை செய்யும். விண்டோஸின் Studio Effects அதையே பயன்படுத்துகிறது. அழைப்புச் செயலிகள் தமக்கென வைத்திருக்கும் மங்கலாக்கும் வசதி பிரதான செயலியிலேயே ஓடக்கூடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். Ctrl + Shift + Esc அழுத்தினால் Task Manager திறக்கும். அதில் Performance பக்கத்துக்குப் போங்கள். மங்கலாக்கலைப் போட்டதும் NPU கோடு உயர்ந்தால் அது வேலை செய்கிறது. NPU அசையாமல் CPU மட்டும் உயர்ந்தால், காசு கொடுத்து வாங்கிய பாகம் சும்மா இருக்கிறது. இரண்டு மங்கலாக்கலையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒரே வேலை இருமுறை நடக்கும்.

ஷெல் சத்தத்தில் காது பழுதானவர்களுக்கு, பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதி இன்னும் பெரிய விடயம். 2022இல் விண்டோஸ் 11இல் வந்த Live Captions, மொழிக்கோப்பை ஒருமுறை தரவிறக்கிய பின் இணையமில்லாமலும் ஓடும். எழுத்தாக்குவதற்காகக் குரல் வெளியே அனுப்பப்படுவதில்லை. இதற்கும் என்பியூ கட்டாயமில்லை. ஆனால் கூட்டச் செயலிகள் தாமே காட்டும் எழுத்துகள் பல வேளைகளில் அந்த நிறுவனத்தின் சேர்வரில் உருவாகின்றன. வெளியே போகக்கூடாத பேச்சு என்றால் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். அழைப்பின் குரல் எப்படியும் இணையத்தால்தான் போகிறது என்பது வேறு கதை.

பிறமொழிப் பேச்சை உடனே ஆங்கில எழுத்தாக்கும் Live Captions வசதிக்குத்தான் பெரிய என்பியூ கேட்கிறார்கள். அது Copilot+ என்ற பெயரோடு வரும் கணினிகளுக்கு உரியது. அவற்றின் என்பியூ வினாடிக்குக் குறைந்தது 40 இலட்சம் கோடி கணக்குகள் செய்யவேண்டும், பெட்டியில் 40 TOPS என்று இருக்கும். மங்கலாக்க மட்டும் என்றால் அதற்காக மேலதிகமாகச் செலவழிக்கத் தேவையில்லை. எழுத்துக்காக வாங்குவதென்றால், கடையிலேயே Windows + Ctrl + L அழுத்தி, மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.