ஜப்பானியக் கோயில் தச்சர்களின் பயிற்சிமொழிகள்

ஜப்பானில் புத்தக் கோயில்களையும் ஷிண்டோ கோயில்களையும் மரத்தால் கட்டும் தச்சருக்கு 'மியதைக்கு' என்று பெயர். இவர்களின் பட்டறையில் சேரும் இளைஞனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இல்லை. பார்த்தே கற்க வேண்டும் என்பது மரபு. அந்த நீண்ட காத்திருப்பில் அவன் காதில் விழும் சில சொலவடைகள், எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன.

இவற்றுள் பரவலாக வழங்குவது 'வசா வா நுசுமே', அதாவது 'வித்தையைத் திருடு' என்பது. குரு தானாகக் கொடுக்கமாட்டார், சீடன்தான் கண்ணால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் கருத்து. 'கல்லின் மேலும் மூன்று ஆண்டு' என்பது தச்சருக்கு மட்டும் உரியதன்று. குளிர்ந்த கல்லும் மூன்று ஆண்டு உட்கார்ந்தால் சூடாகும் என்று பொறுமையைக் குறிக்கும் பொதுப் பழமொழி அது. தச்சருக்கே உரிய ஒன்று ஆண்டுகளை வரிசைப்படுத்துகிறது: துளை அடிக்க மூன்று, ரம்பம் பிடிக்க ஐந்து, மைக்கோடு போட எட்டு, தீட்டக் கற்க ஆயுள் முழுதும். இந்த எண்களைக் கணக்காகக் கொள்ளக் கூடாது. வெளியாள் எளிது என்று நினைக்கும் தீட்டும் வேலையைக் கடைசியில் வைத்திருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஜப்பானிய இழைப்புளியின் அலகு, மெல்லிய கடின எஃகை மென்மையான இரும்போடு ஒட்டி அடித்தது. அதன் சாய்முகம் தீட்டுக்கல்லில் முழுதும் படிந்து தட்டையாகத் தேய வேண்டும். புதியவன் கையை முன்னும் பின்னும் தள்ளும்போது மணிக்கட்டு சற்றே ஆடும். அதனால் சாய்முகம் வளைந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும்: தட்டையான முகம் ஒரே சீராக ஒளிரும், வளைந்த முகத்தில் ஒளி ஒரு கோடாக நகரும். கல்லும் சாட்சி சொல்லும். நடுவில் குழிந்த கல்லில் நேரான அலகு வராது. ஆகவே கல்லைச் சமப்படுத்துவதும் தீட்டுவதன் பகுதியே. விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பது எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே குருவின் கையைவிட, அவர் எழுந்து போனபின் அங்கே கிடக்கும் கல்லும் அலகும் மரச்சுருளும் அதிகம் கற்றுத்தரும். பார்த்துக் கற்பதில் பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

நன்கு பதிவான உதாரணம் நிஷியோக்கா ட்சுனேகாசுவும் (1908–1995) அவருடைய சீடர் ஒகாவா மிட்சுவோவும். நாரா அருகே உள்ள ஹோர்யூஜி கோயிலின் தலைமைத் தச்சர் மரபில் வந்தவர் நிஷியோக்கா. பள்ளிச் சுற்றுலாவில் அக்கோயிலின் கோபுரத்தைக் கண்டு வியந்த ஒகாவா, சேர்த்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்டார். வேலை இல்லை என்ற பதில் வந்தது. வேறு பட்டறைகளில் பழகிவிட்டுத் திரும்பிய அவரை 1969-இல் நிஷியோக்கா ஏற்றுக்கொண்டார். முதல் ஆண்டில் நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி எதுவும் வேண்டாம், உளி தீட்டு என்பது கட்டளை. ஒருநாள் நிஷியோக்கா இழைப்புளியை ஒரே இழுப்பு இழுத்து, இழைத்த சுருள் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். ஒகாவா அந்தச் சுருளைச் சன்னலில் ஒட்டிவைத்து, தன்னுடைய சுருள் அதுபோல வரும்வரை தீட்டி இழைத்துப் பழகினார். குரு கொடுத்த அளவுகோல் அது ஒன்றே. சுருள் நடுவில் கிழிந்தாலோ ஒரு பக்கம் தடித்தாலோ, பிழை அலகிலா மரக்கட்டையிலா என்று சீடனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சொல்லிக்கொடுத்திருந்தால் விடை மட்டும் கிடைத்திருக்கும், தேடும் பழக்கம் வந்திருக்காது.

'தச்சனும் சிட்டுக்குருவியும் இறவாணத்தில் அழுவார்கள்' என்பது இன்னொரு சொலவடை. கோயில் கூரையின் விளிம்பு மூலைகளில் மேல்நோக்கி வளைகிறது. அங்கே சட்டங்கள் ஒரே நேரத்தில் இரு திசைகளில் சாய்வதால் வெட்டுக்கோணத்தைக் கண்மதிப்பில் பிடிக்க முடியாது. மூலைமட்டத்தைக் கொண்டு கணக்கிடும் 'கிக்கு' என்ற வடிவியல் முறை தேவை. பார்த்துக் கற்பதன் எல்லையும் இதுவே. தீட்டுவதும் இழைப்பதும் கண்ணாலும் கையாலும் வரும். மூலைக் கோணத்தைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

'தந்தோரி ஹச்சிபு' என்பது பத்தில் எட்டுப் பங்கு ஏற்பாடே என்ற சொல். மிஞ்சும் இரண்டு பங்குதான் வேலை. ஒகாவா 1977-இல் நிறுவிய இக்கருகா கோஷா பட்டறையில் சீடர்கள் ஒன்றாகத் தங்கிப் பத்தாண்டு அளவில் பயில்கிறார்கள். புதிதாக வருபவனுக்கு முதலில் கிடைப்பது சமையலும் துப்புரவும். எதை முதலில் அடுப்பில் ஏற்றுகிறான், எல்லாம் ஒரே நேரத்தில் தட்டுக்கு வருகிறதா என்பதிலேயே அவனுடைய ஏற்பாட்டுத் திறன் மூத்தவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.