பிள்ளையின் கண்ணாடி ஏன் மூக்கில் நிற்பதில்லை?

தரம் நான்கில் படிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையோடு ஒரு தாய் கிளிநொச்சிப் பக்கமிருந்து நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தார். "அண்ணை, கண்ணாடி போட்டு நாலு மாசம்தான். பவர் பிழைபோலக் கிடக்கு. பிள்ளை கண்ணாடிக்கு மேலாலதான் பாக்கிறாள். கரும்பலகை தெரியேல்லையாம்" என்றார்.

பவரைச் சோதித்துப் பார்த்தேன். வைத்தியர் எழுதியபடி இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 5 சரியாகவே இருந்தது. வில்லையின் நடுப்புள்ளிகளும் பிள்ளையின் கண்மணிகளுக்கு நேரேதான் இருந்தன. பிழை பிரேமில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் சித்தி அனுப்பிய நல்ல பிரேம், விலையும் அதிகம். ஆனால் அது வளர்ந்தவர்களுக்குச் செய்யப்பட்டது. தாய்க்கும் அது தெரியும். "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாக் கிடந்தா ரெண்டு மூண்டு வருசத்துக்குக் காணும் எண்டு நினைச்சன்" என்றார்.

பள்ளிச் சீருடைக்கு அந்த யோசனை சரி. சட்டை தொளதொளவென்று இருந்தாலும் சட்டையின் வேலையைச் செய்யும். கண்ணாடி அப்படியல்ல. அது கீழே இறங்கிவிட்டால் பிள்ளை வில்லைக்கு மேலால் பார்க்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கண்ணாடி போட்டிருப்பதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான்.

எந்தப் பிரேமை எடுத்தாலும் காதில் மாட்டும் கையின் உட்புறத்திலோ மூக்குப் பாலத்தின் பின்னாலோ சிறிய எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும். அந்தப் பிள்ளையின் பிரேமில் இருந்தது 50□18 135. முதல் எண் ஒரு வில்லையின் அகலம். சதுரக் குறிக்கு அடுத்தது இரண்டு வில்லைகளுக்கும் இடையில் மூக்கின் மேல் வரும் தூரம். கடைசி எண் காதுக்குப் பின்னால் வளையும் பகுதியையும் சேர்த்துக் கையின் முழு நீளம். மூன்றும் மில்லிமீற்றரில் உள்ளவை. முக்கியமான இன்னோர் அளவு பெரும்பாலான பிரேம்களில் எழுதப்படுவதில்லை. அது பிரேமின் முன்பக்க முழு அகலம். அதை அடிமட்டம் வைத்து நாமே அளக்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது அந்த அகலத்தைத்தான். பிள்ளையின் முகத்தை ஒரு பக்க நெற்றிப்பொட்டிலிருந்து மறுபக்கம்வரை, கண்களின் உயரத்தில், அளந்தபோது 116 மில்லிமீற்றர் வந்தது. வளைந்த நாடாவால் முகத்தைச் சுற்றி அளந்தால் கணக்குப் பிழைக்கும். அடிமட்டத்தை முகத்துக்கு முன்னால் நேராகப் பிடித்து அளக்க வேண்டும். அவள் போட்டிருந்த பிரேமின் அகலம் 130. ஒவ்வொரு பக்கமும் 7 மில்லிமீற்றர் மிச்சம். கைகள் தலையோடு முட்டவேயில்லை. தலைக்கு மேலே நின்று பார்த்தால் இது உடனே தெரியும். சரியான பிரேமில் கைகள் நேராகப் பின்னோக்கிப் போய்க் காதுக்குச் சற்று முன்னால்தான் தலையை மெல்லத் தொடும். காதுவரை விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பிரேம் பெரிது. நெற்றிப்பொட்டிலேயே முட்டி வெளிப்பக்கம் விரிந்தால் சிறிது. சிறிய பிரேமும் கீழே இறங்கும் என்பது பலருக்கும் தெரியாது. விரிந்த கைகள் தலையின் சரிவில் வழுக்கிக் கண்ணாடியை முன்னே தள்ளிவிடும்.

அகலம் கூடிய பிரேமுக்கு இன்னொரு விலையும் உண்டு. மைனஸ் வில்லை நடுவில் மெல்லியது, விளிம்பை நோக்கித் தடிக்கும். அவளுடைய கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 54 மில்லிமீற்றர். 50ஐயும் 18ஐயும் கூட்டினால் வரும் 68தான் அந்தப் பிரேமின் இரண்டு வட்டங்களின் நடுவுக்கு நடுவான தூரம். ஆகவே ஒவ்வொரு வில்லையின் நடுப்புள்ளியையும் 7 மில்லிமீற்றர் மூக்குப் பக்கம் தள்ளி வெட்டியிருந்தார்கள். செய்தது சரிதான், ஆனால் அதனால் காதுப் பக்க விளிம்பு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் தடித்துவிட்டது. 44□15 பிரேமில் அதே வில்லையைப் போட்டால் அந்த விளிம்பு 5 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். பெரிய, தடித்த வில்லை பாரமானது. பாரம் முழுவதும் முன்னால் இருப்பதால் அதுவே கண்ணாடியைக் கீழே இழுக்கும்.

அந்தப் பிள்ளைக்கு நடுப்புள்ளியாவது சரியாக இருந்தது. யாரோ பாவித்த கண்ணாடியை, பவர் ஒன்றுதானே என்று அப்படியே பிள்ளைக்கு மாட்டிவிடும் வழக்கமும் எங்களிடம் இருக்கிறது. அதில் நடுப்புள்ளிகள் வேறொருவரின் கண்களுக்கு நேரே இருக்கும். பவர் கூடக்கூட அந்தப் பிழையும் பெருகும். பிள்ளைக்குத் தலையிடி, எழுத்து இரண்டாகத் தெரிவது, வாசிக்கப் பஞ்சிப்படுவது என்று அது வெளிப்படலாம். பிள்ளைக்குப் படிப்பில் கவனமில்லை என்று நாங்கள் ஏசிக்கொண்டிருப்போம்.

இனி மூக்கு. பிள்ளைகளின் மூக்குத்தண்டு பெரியவர்களினதைவிடத் தாழ்வானது, தட்டையானது, பக்கங்கள் கூடுதலாக விரிந்தவை. ஆகவே பெரியவர்களின் பிரேமைச் சிறுப்பித்துச் செய்தால் மட்டும் பிள்ளைப் பிரேம் ஆகிவிடாது. பாலம் தாழ்வாக இருக்க வேண்டும், மூக்கில் படும் பரப்பு அகன்றிருக்க வேண்டும். முழுப் பிளாஸ்ரிக் பிரேமின் பாலத்தைப் பிறகு மாற்ற முடியாது. வாங்கும்போதே அது மூக்கின் இரண்டு பக்கத்திலும் இடைவெளியின்றி அமர வேண்டும். கம்பியில் பொருத்திய சிறிய மூக்கு மெத்தைகள் உள்ள பிரேம் என்றால், அவற்றைக் கடையில் விரிக்கவும் சுருக்கவும் முடியும். மூக்கு மிகத் தட்டையான சிறு பிள்ளைகளுக்கு மெத்தையான சிலிக்கன் மூக்குத் தாங்கி உள்ள பிரேமைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன்.

மூக்கில் சரியாக இருக்கிறதா என்று அறியக் கடையில் பத்து நிமிடம் பிள்ளையைப் போட வையுங்கள். பிறகு கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில், மெத்தையின் முழு வடிவில் மெல்லிய தடம் இருந்தால் நல்லது. கீறல்போல ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தால் மெத்தையின் ஓரம்தான் பாரத்தைச் சுமக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால் சில நாட்களில் பிள்ளை நோவுக்குப் பயந்து கண்ணாடியைப் பைக்குள் வைக்கும்.

மூன்றாவது கையின் நீளம். கண்ணாடி வழுக்காமல் நிற்பது காதுக்குப் பின்னால் வரும் வளைவினால்தான். வளைவு காதின் மேல்முனையைத் தாண்டியவுடன் தொடங்க வேண்டும். முன்னதாக வளைந்தால் கண்ணாடி மேலே தூக்கப்படும், காதின் பின்புறமும் புண்படும். பிந்தி வளைந்தால் பிடிமானமே இல்லை. அந்தப் பிள்ளையின் 135 கையில் வளைவு காதுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் பின்னால் இருந்தது. சூடாக்கி முன்னுக்குக் கொண்டுவந்தேன். அப்போது கையின் வால் காதுச்சோணையையும் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியது. அகலமும் மூக்கும் பெரிதாக இருக்கையில் கையை மட்டும் திருத்திப் பலனில்லை என்று தாய்க்குக் காட்டினேன். வீட்டில் இதைச் செய்ய முயல வேண்டாம். குளிர்ந்த பிளாஸ்ரிக்கை வளைத்தால் உடையும், நெருப்பில் காட்டினால் உருகும்.

காதில் மாட்டும் சிலிக்கன் கொக்கியும் தலைக்குப் பின்னால் கட்டும் இறப்பர் பட்டியும் விலை குறைந்தவை. அளவு சரியான பிரேமோடு ஓடி விளையாடும் பிள்ளைக்கு அவை நல்ல உதவி. பெரிய பிரேமை அவற்றால் இறுக்கினால் கீழ் விளிம்பு கன்னத்தில் ஏறும். சிரிக்கும்போது கண்ணாடி மேலே எழும்பினால் அதுதான் நடக்கிறது.

கடைசியில் அவளுக்கு 44□15 எண்ணுள்ள, கை 125 நீளமான, முன்பக்கம் 117 மில்லிமீற்றர் அகலமான பிளாஸ்ரிக் பிரேமை எடுத்தோம். பழைய வில்லைகளில் நடுப்புள்ளியிலிருந்து மூக்குப் பக்கம் புதிய பிரேமுக்குப் போதிய அகலம் இல்லாததால் புது வில்லைதான் போட வேண்டியிருந்தது. பெரிய வில்லையைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்க முடியாது. போட்டுவிட்டுக் குனிந்து கொப்பியில் எழுதச் சொன்னேன், தலையை ஆட்டச் சொன்னேன், பிறகு கதிரையில் இருந்தபடி சுவரின் உச்சியில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னேன். கடைசிச் சோதனையைத் தவறவிடக் கூடாது. பிள்ளைகள் உயரம் குறைந்தவர்கள், எங்களையும் கரும்பலகையையும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். மேல் விளிம்பு புருவம்வரை வர வேண்டும், கண்மணி வில்லையின் நடுவிலோ சற்று மேலேயோ நிற்க வேண்டும்.

பிறவிக் கண்புரை எடுக்கப்பட்டு, கண்ணுக்குள் வில்லை வைக்கப்படாத பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமையான விடயம். அவர்களுடைய கண்ணாடி பிளஸ் 12 என்றுகூட இருக்கும். அது அரைச் சென்ரிமீற்றர் முன்னே வழுக்கினாலே கண்ணுக்கு முக்கால் டயொப்டர் கூடிய பவர் கொடுத்ததுபோல் ஆகும். அந்தப் பிள்ளைகளுக்குக் காதைச் சுற்றி வளையும் மெல்லிய கம்பிக் கை நல்லது.

கறுப்புக் கண்ணாடிக்கும் இதே அளவுகள்தான், ஆனால் அங்கே வேறொரு கேள்வியும் உண்டு. வெயில் முன்னால் மட்டும் வருவதில்லை, பக்கத்தாலும் மேலாலும் வரும். ஆகவே புருவத்துக்கு அருகே அமர்ந்து பக்கங்களையும் மூடும் பிரேம் வேண்டும். இமைமயிர் வில்லையில் முட்டினால் பாலம் உங்கள் மூக்குக்குப் பொருந்தவில்லை. ஒடுங்கிய முகத்துக்கு அகலமான வளைந்த பிரேம் போட்டால் ஓரங்கள் முகத்தை விட்டு விலகி நிற்கும், மோட்டார் சைக்கிளில் போகும்போது காற்றும் தூசியும் அதனூடாகத்தான் வரும். ஹெல்மெட் போடுபவர்கள் மெல்லிய, நேரான கையுள்ளதை ஹெல்மெட்டோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். நிறம் கறுப்பாக இருப்பதால் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் என்று எண்ணவும் கூடாது. அதற்கு யூ.வி. 400 என்ற குறிப்பு வேண்டும்.

செல்வீச்சிலோ மிதிவெடியிலோ ஒரு கண்ணை இழந்தவர்கள் மற்றக் கண்ணில் குறையே இல்லாவிட்டாலும் கண்ணாடி போடுவது நல்லது. இருக்கும் கண்ணைக் காக்க, அடிபட்டால் எளிதில் நொறுங்காத பொலிகாபனேற் வில்லை போட வேண்டும். காயத்தால் மூக்குத்தண்டு சாய்ந்தவர்களுக்கும் ஒரு காது குறைந்தவர்களுக்கும் முழுப் பிளாஸ்ரிக் பிரேம் நேராக நிற்காது. ஒவ்வொரு பக்க மெத்தையையும் தனித்தனியே வளைக்கக்கூடிய கம்பிப் பிரேமைக் கேளுங்கள். அதைப் பொருத்த அரை மணித்தியாலம் பிடிக்கும். கடைக்காரர் அவசரப்பட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

பிள்ளையின் கண்ணாடி சரியாக நிற்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நெற்றிப்பொட்டில் கையின் தடம் பதியத் தொடங்கினால் முகம் வளர்ந்துவிட்டது என்று பொருள். வெளிநாட்டு உறவுகள் பிரேம் அனுப்புவதாகச் சொன்னால் பிள்ளையின் வயதை மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். இப்போது சரியாக நிற்கும் கண்ணாடியின் கையில் உள்ள மூன்று எண்களையும், முன்பக்க அகலத்தை அடிமட்டத்தால் அளந்தும், படம் எடுத்து அனுப்புங்கள். அந்த எழுத்து வியர்வையில் அழியக்கூடியது. வாங்கிய அன்றே பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.