டிவி ஏன் நம்ம படங்களைக் கண்டுபிடிக்கல?

2003ல் சோனி உள்ளிட்ட கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான், அடுத்த வருஷம் டிஎல்என்ஏ ஆச்சு. 2017ல் அதைக் கலைச்சிட்டாங்க. ஆனா அது பரப்பின பழக்கம் இன்னும் டிவிக்குள்ள இருக்கு. "படம் வச்சிருக்கிறது யாரு?"ன்னு டிவி 239.255.255.250 என்ற முகவரிக்குக் குரல் கொடுக்கும். நெட்வொர்க்ல மாட்டின ஹார்டு டிஸ்க் பெட்டி, அதாவது நாஸ், பதில் சொல்லும்.

வீட்டு ரவுட்டரை அந்தக் குரல் தாண்டாது. காஞ்சிபுரத்துல எங்க வீடு நீளமானது. முன்கட்டு ரவுட்டர்ல நாஸ், 192.168.1.20. பின்கட்டுக்கு அதுலேருந்து இன்னொரு ரவுட்டர். அங்க டிவி, 192.168.0.7. யூடியூப் ஓடும், 'காஞ்சிவரம்' படம் மட்டும் லிஸ்ட்ல வராது. முகவரியில மூணாவது எண் வேறயா இருக்கு பாருங்க, அதான் அடையாளம். பின்கட்டு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்தினா, ரெண்டும் ஒரே நெட்வொர்க் ஆயிடும்.

இன்னொரு வழி, 2018 டிசம்பர்ல எம்பியிலிருந்து பிரிஞ்ச ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர். அதை நாஸ்ல போட்டு, டிவி ஆப்ல `http://192.168.1.20:8096`ன்னு கொடுத்தா, குரலே வேண்டாம். ஆனா நாஸ் பின்கட்டுலயும் டிவி முன்கட்டுலயும் இருந்தா இது எடுபடாது. பின்கட்டு ரவுட்டர் வெளியேயிருந்து வர்ற அழைப்பை உள்ள விடாது.