வரிசையில் நிற்பவர்களுக்கு யார் காசு கொடுப்பது? 1866 மே மாதமும் 2008 டிசம்பரும்

போன வாரம் வர்த்தகப் பாடத்தில் வங்கிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு கேள்வி வந்தது. "சேர், காசு அச்சடிப்பது மத்திய வங்கிதானே. அப்போ ஒரு பேங்க் விழப்போகுது என்றால் கொடுத்துக் காப்பாற்றினால் முடிந்ததுதானே?" உடனே இன்னொரு பிள்ளை, "அப்படிக் கொடுத்தால் எல்லா பேங்கும் கண்ட கண்டவனுக்கெல்லாம் கடன் கொடுக்கும்" என்றது. இரண்டு பிள்ளைகள் சொன்னதும் சரி. இந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில் எப்படி வழி கண்டார்கள் என்ற வரலாற்றை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறோம். வட்டி பற்றிய மார்க்கச் சட்டம் வேறு விடயம். இது நடந்ததைச் சொல்லும் பதிவு மட்டுமே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் வைப்பிலிட்ட காசு பேங்கின் பெட்டிக்குள் அப்படியே கிடப்பதில்லை. ஒரு சிறு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடனாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாம் கேட்டவுடன் அவர்கள் தர வேண்டும். அவர்கள் கொடுத்த கடனோ வருடக்கணக்கில்தான் திரும்பி வரும். ஆகவே எல்லோரும் ஒரே நாளில் போய் நின்றால் நல்ல பேங்கும் விழும். இங்கே இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, சொத்து இருக்கிறது, இன்றைக்குக் கையில் காசில்லை. மற்றது, கொடுத்த கடன்கள் அழுகிப்போய், எல்லாவற்றையும் விற்றாலும் கடனை அடைக்க முடியாத வங்குரோத்து நிலை. வெளியே வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இனி லண்டனுக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே லொம்பார்ட் வீதியில் ஓவரெண்ட் கர்னி என்றொரு நிறுவனம் இருந்தது. அதன் தொழில் உண்டியல் வாங்கி விற்பது. இன்று நம் ஊரில் உண்டியல் என்றால் வெளிநாட்டுக் காசு அனுப்புவது என்று நினைப்பார்கள். அன்றைய வர்த்தக உண்டியல் வேறு. "மூன்று மாதத்தில் 1,000 பவுண் தருவேன்" என்று ஒரு வியாபாரி எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புறக்கோட்டை வியாபாரிகள் பின்திகதியிட்ட செக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு காசாக மாற்றுவார்களே, அதே மாதிரி. ஓவரெண்ட் அந்தச் சீட்டுகளைக் கழிவுக்கு வாங்கும். அதற்கான காசைப் பேங்குகளிடமிருந்து, கேட்டவுடன் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியிருக்கும்.

1857இல் லண்டனில் ஒரு பீதி வந்தது. அப்போது இங்கிலாந்து வங்கி, அதாவது நோட்டு வெளியிடும் பெரிய வங்கி, இந்த உண்டியல் தரகர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்து நிலைமையைச் சமாளித்தது. பீதி அடங்கிய பிறகு அதற்கு ஒரு கவலை பிறந்தது. "எப்படியும் இவர்கள் காப்பாற்றுவார்கள்" என்ற தைரியத்தில்தான் தரகர்கள் கையில் காசே வைக்காமல் தொழில் செய்கிறார்கள் என்று அது நினைத்தது. எங்கள் பின்வரிசைப் பிள்ளை சொன்னதும் இதைத்தான். ஆகவே 1858இல், தரகர்கள் இனிமேல் வழமையான கடனுக்கு எங்களிடம் வரவேண்டாம் என்று ஒரு விதி போட்டது. ஓவரெண்டுக்குக் கோபம் வந்தது. 1860இல் ஏறத்தாழ 16 இலட்சம் பவுணை ஒரேயடியாக வெளியே எடுத்து இங்கிலாந்து வங்கியை மிரட்டிப் பார்த்தது. வங்கி அசையவில்லை. எடுத்த காசு திரும்பி வந்தது. விதி நின்றது.

ஆனால் விதி போட்டதால் ஓவரெண்ட் திருந்திவிடவில்லை. குறுகிய காலத்துக்கு வாங்கிய காசைக் கப்பல் கம்பனிகளிலும் கப்பல் கட்டும் தொழிலிலும் ரயில் பாதைகளிலும் முடக்கியது. இவை நினைத்த நேரத்தில் விற்றுக் காசாக்கக்கூடியவை அல்ல. நட்டம் கூடியது. 1865இல் அதைப் பங்குக் கம்பனியாக மாற்றி, பழைய நட்டத்தின் கதையைச் சொல்லாமலே பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள். பெயர் பெரிது என்பதால் ஆட்கள் வாங்கினார்கள்.

1866 மே மாதம் ஓவரெண்ட் உதவி கேட்டு இங்கிலாந்து வங்கியிடம் போனது. வங்கி உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகங்களைப் பார்க்க ஆட்களை அனுப்பியது. அவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னது, இது கையில் காசில்லாத நோயல்ல, வங்குரோத்து என்று. உதவி மறுக்கப்பட்டது. மே 10ஆம் திகதி வியாழக்கிழமை பிற்பகல் ஓவரெண்ட் கதவைச் சாத்தியது. அது கொடுக்க வேண்டியிருந்த கடன் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பவுண்.

மறுநாள் வெள்ளிக்கிழமை லொம்பார்ட் வீதியில் நடக்க இடமில்லை. ஓவரெண்டே விழுந்துவிட்டது என்றால் எந்தப் பேங்கை நம்புவது என்று எல்லாப் பேங்கின் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். இங்குதான் இங்கிலாந்து வங்கி இரண்டாவது வேலையைச் செய்தது. முதல் நாள் ஓவரெண்டுக்கு இல்லை என்று சொன்ன அதே வங்கி, அன்று நல்ல உண்டியலும் அரசாங்கப் பத்திரமும் கொண்டுவந்த பேங்குகளுக்கும் வியாபாரிகளுக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரே நாளில் 40 இலட்சம் பவுணுக்கு மேல் கடன் கொடுத்தது. காலையில் ஏறத்தாழ 57 இலட்சமாக இருந்த அதன் கையிருப்பு மாலையில் ஏறத்தாழ 30 இலட்சத்துக்கு இறங்கியது.

இதற்கு மேல் நோட்டு அச்சிடுவதற்கு 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் எல்லை வைத்திருந்தது. அன்றிரவே நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் ஒரு கடிதம் கொடுத்தார். தேவைப்பட்டால் எல்லையைத் தாண்டலாம், ஆனால் வட்டி 10 வீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் அதன் சாரம். சுவையான விடயம், கடைசியில் எல்லையைத் தாண்ட வேண்டிய தேவையே வரவில்லை. காசு கிடைக்கும் என்று தெரிந்தவுடன் காசு எடுக்க வேண்டும் என்ற அவசரம் குறையத் தொடங்கியது. வேறு சில நிறுவனங்கள் விழத்தான் செய்தன, ஆனால் மொத்தக் கட்டடமும் சரியவில்லை.

அந்த 10 வீதம் எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் 1,000 பவுண் தரும் உண்டியல் ஒன்றை மே மாதத் தொடக்கத்தில் இருந்த 7 வீதத்துக்கு மாற்றினால் பதினேழரைப் பவுண் கழியும். 10 வீதத்துக்கு மாற்றினால் 25 பவுண் கழியும். மெய்யாகவே முட்டுப்பட்டவன் 25 பவுணைப் பார்க்கமாட்டான், கொடுத்துவிட்டு உயிர் பிழைப்பான். மலிவாக வாங்கி இலாபம் பார்க்க நினைப்பவன் வரமாட்டான். வாங்கியவனும் எவ்வளவு சீக்கிரம் அடைக்கலாம் என்றே பார்ப்பான். அந்த விலையை மூன்று மாதம், ஓகஸ்ட் நடுப்பகுதி வரை, இறக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்த வால்டர் பெஜட் என்ற பத்திரிகை ஆசிரியர் 1873இல் 'லொம்பார்ட் வீதி' என்ற நூலை எழுதினார். அவர் வாதத்தை இன்று எல்லா நாட்டு மத்திய வங்கிகளும் மூன்று வரியாகச் சொல்லும்: பீதி நேரத்தில் தயங்காமல் கொடு, நல்ல ஈட்டுக்குக் கொடு, உயர்ந்த விலைக்குக் கொடு. தயங்காமல் கொடுப்பது பீதியை நிறுத்துகிறது. ஈடும் விலையும் ஊதாரிக் கடனை நிறுத்துகின்றன. ஈடு என்பது இங்கே ஒரு சல்லடை. அமைதியான நாளில் விலைபோகும் சொத்தை வைத்திருப்பவன் தேறுவான், அழுகிய கடனை வைத்திருப்பவன் தேறமாட்டான்.

அப்போதே இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்து வங்கியின் முன்னாள் ஆளுநர் தொம்சன் ஹேங்கி, இப்படி வாக்குறுதி கொடுத்தால் மற்றப் பேங்குகள் தங்கள் கையிருப்பைத் தாங்களே வைக்கும் பழக்கத்தை விட்டுவிடும் என்று வாதிட்டார். அவர் பயம் வீண்பயமல்ல. உள்ளதும் அழுகியதும் வகுப்பறைக் கரும்பலகையில் தெளிவாகப் பிரியும். ஆனால் பீதி நாளில் நல்ல சொத்தும் விலை இறங்கும், ஒரு இரவுக்குள் எந்தக் கணக்குப் புத்தகத்தையும் முழுதாகப் படிக்க முடியாது. அதனால்தான் பிற்காலத்தில் இந்தச் சல்லடையோடு இன்னொன்றும் சேர்ந்தது. பீதி வருவதற்கு முன்பே கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வை அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2008இல் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, உயர்ந்த வட்டி சொல்லி மக்களிடம் வாங்கிய வைப்பைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. ஏறத்தாழ 26 பில்லியன் ரூபா. அது மத்திய வங்கியின் அனுமதிபெற்ற வைப்பு நிறுவனம் அல்ல. அதே குழுமத்தோடு தொடர்புடைய செலான் வங்கியின் வாசல்களிலும் ஆட்கள் கூடினார்கள். அந்த டிசம்பர் முடிவில் மத்திய வங்கி, செலான் வங்கியின் பணிப்பாளர் சபையை அகற்றி, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. கதவு மூடவில்லை. வரிசை கலைந்தது. வைப்பாளர் காசு தப்பியது, நடத்தியவர்களின் நாற்காலி தப்பவில்லை. கோல்டன் கீயில் போட்டவர்களோ வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

1866ஐ நினைத்துப் பாருங்கள். ஓவரெண்டின் பங்காளர்கள் போட்ட முதலை இழந்தது மட்டுமல்ல, பங்கின் மிச்சத் தொகையையும் கட்ட வேண்டி வந்தது. அதன் பணிப்பாளர்கள் 1869இல் மோசடி வழக்கில் நின்று விடுதலையானார்கள். வாடிக்கையாளர் காசைக் காப்பாற்றுவது வேறு, முதலாளியைக் காப்பாற்றுவது வேறு. இந்தக் கோடு எங்கே போடப்படுகிறது என்பதுதான் அடுத்த முதலாளி எப்படிக் கடன் கொடுப்பான் என்பதைத் தீர்மானிக்கிறது.

பின்வரிசைப் பிள்ளைகளுக்கு நாம் சொன்ன பதில் இதுதான். ஊரில் எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காசு போடுமுன் அந்த இடத்தின் பெயர் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதிபெற்ற இடத்தில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. பட்டியலில் இல்லாத இடம் மற்ற எல்லோரையும் விட மிக அதிகமாகத் தருகிறேன் என்று சொன்னால், அந்தக் காசு எங்கே முடக்கப்படுகிறது என்று கேளுங்கள். அது விழும் நாளில் ஈடு வைத்துக் கடன் வாங்க அதற்குப் போக ஒரு வாசல் இருக்காது. அதன் வாசலில் நாம்தான் நிற்போம்.